இரண்டு நிமிடத் தன்னறிமுகம் எங்கே சிக்குகிறது? அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது

எங்கள் பேச்சு மன்றத்தில் நேரம் பார்க்கும் டைமராகவும் புதியவர்களுக்கு வழிகாட்டும் மென்டராகவும் மாறி மாறி உட்கார்ந்ததில் ஒன்று பிடிபட்டது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்களுக்குப் பித்தாக இருக்கும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இரண்டு நிமிடம் கொடுத்தால், ஆட்கள்தான் மாறுகிறார்கள், தடுக்கி விழும் இடங்கள் மாறுவதில்லை. ஒரே பழுதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தவனின் குறிப்பாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், வேலை வைக்கும் காரணம் கடைசியில்.

தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு. உங்களுக்குக் கொடுத்த நேரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஐஸ் பிரேக்கர் என்ற முதல் பேச்சுக்கு 4 முதல் 6 நிமிடம். டைமர் 4இல் பச்சை, 5இல் மஞ்சள், 6இல் சிவப்பு விளக்கைக் காட்டுவார். விருந்தினராகவோ புது உறுப்பினராகவோ எழுந்து பேசும் சிறு அறிமுகத்துக்கு மன்றத்துக்கு மன்றம் கணக்கு மாறும். எங்களிடம் 2 நிமிடம்: 1 நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், 2இல் சிவப்பு. கீழே உள்ளதெல்லாம் இந்த 2 நிமிடத்தை வைத்துத்தான்.

## அறிகுறி 1: சிவப்பு விளக்கு எரிகிறது, இன்னும் விஷயத்துக்கே வரவில்லை

அதிகம் பார்ப்பது இதைத்தான். முதலில் போனில் பதிவுசெய்து, உங்கள் ஈடுபாட்டின் பெயர் முதன்முதலாக எந்த நொடியில் வாயில் வருகிறது என்று பாருங்கள். 20 நொடிக்குள் வந்தால் இந்தத் தலைப்பு உங்களுக்கு இல்லை, அறிகுறி 3க்குப் போங்கள். 40 நொடியைத் தாண்டினால் மேலே படியுங்கள்.

வணக்கமும் நன்றியும் நேரத்தைத் தின்கின்றன. தலைவருக்கு, மதிப்பீட்டாளருக்கு, சக உறுப்பினர்களுக்கு, வாய்ப்பளித்தவருக்கு என்று தனித்தனியாகச் சொன்னால் 15 முதல் 20 நொடி போய்விடும். பத்து நிமிடப் பேச்சில் அது தெரியாது. இரண்டு நிமிடத்தில் அது ஆறில் ஒரு பங்கு வரை போகும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் போதும். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. டைமர் இருக்கையில் இருந்து பார்த்தால் எல்லார் முகத்திலும் நிம்மதிதான் தெரியும்.

எழுதியதே நீளம். மேசையில் படிக்கும்போது குறைவாகத் தெரிவது மேடையில் கூடும். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துவிடுங்கள்: கையில் இருக்கும் எதையாவது சாதாரணமாகப் பேசுவது போல ஒரு நிமிடம் சத்தமாகப் படித்துச் சொற்களை எண்ணுங்கள். எனக்குத் தமிழில் 90 சொல் சுற்றி வருகிறது. ஆங்கிலப் பேச்சுக்குச் சொல்லும் நிமிடக் கணக்கை அப்படியே எடுத்துவந்து ஏமாறாதீர்கள், நம் சொற்கள் நீளமானவை. என் வேகத்துக்கு 2 நிமிடம் என்றால் 180 சொல். ஆனால் 150இல் நிறுத்திவிடுவேன். யாராவது சிரித்தால் காத்திருக்க வேண்டும், மூச்சுவிட வேண்டும், ஒரு சொல் தடுமாறினால் திரும்பப் பிடிக்க வேண்டும்.

ஒன்றுக்குப் பதில் மூன்று ஆர்வங்கள். "இசை, பயணம், வாசிப்பு என்று பல உண்டு, ஆனால் குறிப்பாக" என்று தொடங்கும் வாக்கியத்தை முழுதாக அடித்துவிடுங்கள். அந்த 'குறிப்பாக'வுக்குப் பிறகு வருவதுதான் உங்கள் பேச்சு.

பிறப்பிலிருந்து தொடங்குகிறீர்கள். இதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. படிப்பு, வேலை, குடும்பம் என்று கால வரிசையில் அடுக்கினால், ஈடுபாடு வரிசையின் கடைசியில்தான் நிற்கும், சிவப்பு விளக்கு அதற்கு முன்னால் வந்துவிடும். இங்கே வெட்டிச் சுருக்கினால் தீராது, வரிசையையே தலைகீழாக்க வேண்டும். ஈடுபாட்டில் தொடங்கி, அதற்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வேலையையும் வீட்டையும் ஒரு வரியில் நுழைப்பது. எப்படி என்பது அறிகுறி 3இல் இருக்கிறது.

## அறிகுறி 2: 40 நொடியில் முடிந்துவிட்டது, பச்சை விளக்கே வரவில்லை

பதற்றத்தில் வேகமாகப் பேசியிருப்பீர்கள் என்பது முதல் ஊகம். சோதிப்பது சுலபம். அதே பேச்சை வீட்டில் பதிவுசெய்து பாருங்கள். வீட்டில் ஒன்றரை நிமிடமும் மன்றத்தில் 40 நொடியும் வந்தால் வேகம்தான் பழுது. "மெதுவாகப் பேசு" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது மேடையில் வேலை செய்யாது. குறிப்புத் தாளில் இரண்டு இடத்தில் பெரிய கோடு போட்டு, அங்கே வாயை மூடி ஒரு முழு மூச்சு எடுங்கள். முதல் கோடு முதல் வாக்கியம் முடிந்ததுமே இருக்கட்டும்.

வீட்டிலும் 40 நொடிதான் என்றால் சரக்கு குறைவு. "எனக்குத் தோட்டம் பிடிக்கும், மனதுக்கு அமைதி தருகிறது, எல்லாரும் செய்ய வேண்டும்" என்பதற்கு மேல் எதுவும் இல்லாததற்குக் காரணம், அதில் கை எதையும் செய்யவில்லை. கடைசியாக அதைச் செய்தது எந்த நாள், எதைத் தொட்டீர்கள், என்ன தப்பாகப் போனது என்று மூன்று பதில் எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் நேரம் தானாக நிறையும்.

மூன்றுக்குமே பதில் வரவில்லையா? அப்படியானால் நீங்கள் தேர்ந்தெடுத்தது உங்கள் ஈடுபாடு இல்லை, சொன்னால் கௌரவமாக இருக்கும் என்று எடுத்தது. வேறு தலைப்பு எடுங்கள். நான் பார்த்தவரை 'வாசிப்பு', 'பயணம்' இரண்டும்தான் இப்படி அதிகம் இரவல் வாங்கப்படுகின்றன.

## அறிகுறி 3: நேரம் சரியாக இருந்தது, கை தட்டினார்கள், ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை

இதுதான் கண்டுபிடிக்கக் கடினமான பழுது. விளக்கு, டைமர் அறிக்கை எல்லாம் சரியாக இருக்கும். சோதனை கூட்டம் முடிந்த பிறகு நடக்கும். உங்கள் ஈடுபாட்டைப் பற்றி ஒருவராவது வந்து கேள்வி கேட்டாரா? அடுத்த கூட்டத்தில் உங்களை "அந்த கடிகாரக்காரர்" என்பது போல யாராவது நினைவு வைத்திருந்தார்களா? இல்லையென்றால் பேச்சு காற்றில் போயிற்று.

கடிகாரக்காரர் என்றது நிஜ ஆளைத்தான். கணக்கு வேலையில் இருக்கும் ஒரு உறுப்பினர், பழைய ஊசல் கடிகாரங்களை ஓட வைப்பவர். அவருடைய முதல் வரைவு இப்படி இருந்தது:

> அனைவருக்கும் வணக்கம். இந்த வாய்ப்பை அளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி. நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்குத் துறையில் பணியாற்றி வருகிறேன். எனக்குப் பழைய கடிகாரங்கள் என்றால் மிகவும் பிடிக்கும். கடிகாரம் மனிதனின் மகத்தான கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஊசல் கடிகாரத்தை 1656இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உருவாக்கினார். நேரம் பொன் போன்றது. கடிகாரங்கள் நமக்கு ஒழுங்கைக் கற்றுத் தருகின்றன…

தப்பான தகவல் ஒன்றும் இல்லை. இருந்தும் செத்த பேச்சு. மூன்று சோதனை போட்டோம், நீங்களும் இதே வரிசையில் போடலாம்.

முதல் சோதனை: 'பிடிக்கும்' கணக்கு. 'பிடிக்கும்', 'ஆர்வம்', 'மகிழ்ச்சி', 'ஈடுபாடு' என்ற சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒன்று இருக்கலாம். இரண்டுக்கு மேல் இருந்தால், காட்ட வேண்டியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடம் முழு வரைவில் ஐந்து இருந்தது. இது மலிவான திருத்தம், பேனா இருந்தால் போதும்.

இரண்டாவது சோதனை: ஆள் மாற்றம். ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த ஈடுபாடே இல்லாத வேறு ஒருவர் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். ஹைகன்ஸ் வரியை யாரும் சொல்லலாம். 'நேரம் பொன்' வரியைச் சுவரொட்டியே சொல்லும். முடியும் என்று பதில் வரும் வரி எல்லாம் வெளியே. அவருக்குப் பேரும் வேலையும் மட்டும்தான் மிஞ்சின. மனிதருக்கு முகம் வாடிவிட்டது, உண்மைதான். ஹைகன்ஸை இழக்க அவருக்கு மனமே இல்லை.

மூன்றாவது சோதனை: ஒரு நாள் கேள்வி. "கடைசியாக எந்தக் கடிகாரம் உங்களைப் பாடாய்ப் படுத்தியது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசியதைத் தாளில் எழுதிக்கொண்டதுதான் என் வேலை. ஓடும், சிறிது நேரத்தில் நின்றுவிடும் ஒரு சுவர்க் கடிகாரம். பிரித்துத் துடைத்தார், எண்ணெய் விட்டார், திரும்பவும் நின்றது. ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டபோதுதான் பிடிபட்டது, டிக்குக்கும் டக்குக்கும் இடைவெளி ஒரே அளவில் இல்லை. கடிகாரத்துக்குள் பழுது இல்லை. சுவரில் சற்றே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் அடியை விரல்கடை அளவு நகர்த்தினார், சத்தம் சமமானது, கடிகாரம் ஓடியது.

அதை வைத்துத் திருத்திய பேச்சின் தொடக்கம்:

> வணக்கம். கண்ணை மூடி இதைக் கொஞ்சம் கேளுங்கள். டிக்டக்… டிக்டக்… டிக்டக். நொண்டி நடக்கிற மாதிரி இல்லை? ஆறு வாரம் என் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் இப்படித்தான் நொண்டியது. பிரித்தேன், துடைத்தேன், எண்ணெய் விட்டேன். ஓடும், நின்றுவிடும். பகலெல்லாம் நான் அடுத்தவர் கணக்கில் தப்பு தேடுகிற ஆள். ராத்திரி வந்து இதில் தேடுவேன்…

வேலையைப் பற்றிய தகவல் எங்கே போனது பாருங்கள். தனி வாக்கியமாக முன்னால் நின்றது கதைக்குள் ஒரு வரியாக வந்துவிட்டது, கூடவே ஆளின் குணத்தையும் காட்டுகிறது. அறிகுறி 1இல் வரிசையைத் தலைகீழாக்கச் சொன்னது இதைத்தான். பேரைச் சொல்லவில்லையே என்று பயப்பட வேண்டாம். அழைப்பவர் உங்கள் பேரைச் சொல்லித்தான் அழைப்பார். விட்டுப்போனால் கதைக்கு நடுவில் சொல்லிக்கொள்ளலாம்.

முழுப் பேச்சு 1 நிமிடம் 50 நொடி வந்தது. அன்று இரண்டு பேர் அவரிடம் தங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றுபோன கதையைச் சொல்லக் காத்து நின்றார்கள்.

இந்த மூன்று சோதனையும் போட்ட பிறகும் பேச்சு தட்டையாக இருந்தால் ஒரு காரணம் பாக்கி, துறைச்சொல். உங்கள் ஈடுபாட்டில் நீங்கள் ரொம்ப தூரம் போயிருப்பீர்கள், கேட்பவருக்கு முதல் படியே தெரியாது. இரண்டு நிமிடத்தில் ஒரு புதுச் சொல்லுக்கு மேல் தாங்காது. கடிகாரக்காரர், டிக்டக் சத்தம் எழுப்பும் பாகத்தின் பேரான 'எஸ்கேப்மென்ட்' என்ற சொல்லை வைத்தே தீருவேன் என்று நின்றார். சமாதானத்துக்கு வெகுநேரம் ஆயிற்று, கடைசியில் எடுத்துவிட்டார். இடைவெளியைக் காதால் கேட்ட பிறகு அந்தப் பேர் யாருக்கும் தேவைப்படவில்லை.

## அறிகுறி 4: நடுவில் எல்லாம் மறந்து நிற்கிறேன்

எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்.

முதல் வரியிலேயே என்றால், அந்த வரி நீளமாக இருக்கும் அல்லது கடைசி நேரத்தில் மாற்றியிருப்பீர்கள். முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யுங்கள். எட்டுச் சொல்லுக்குள் இருக்கட்டும்.

நடுவில் என்றால் பெரும்பாலும் முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். மனப்பாடப் பேச்சு சங்கிலி போல. ஒரு கண்ணி விட்டால் அடுத்தது எது என்று தெரியாது, முதலில் இருந்துதான் பிடிக்க வேண்டும். சோதிக்க, வீட்டில் யாரையாவது "எண்ணெய் விட்ட இடத்தில் இருந்து சொல்" என்பது போல நடுவில் இருந்து தொடங்கச் சொல்லச் சொல்லுங்கள். திணறினால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு சிறு அட்டையில் மூன்றே சொல் எழுதுங்கள். அறிகுறி 3இல் வரும் கடிகாரக்காரரின் அட்டையில் இருந்தவை: நொண்டி, எண்ணெய், விரல்கடை. முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடம், நடுவில் நடந்ததை நடந்தபடி சொல்வது. நடந்த கதை மறக்காது.

அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. முழுத்தாள் வேண்டாம், அது நடுங்கும்போது சத்தம் போடும்.

## அறிகுறி 5: 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலா' என்று நிரப்புச் சொல் கொட்டுகிறது

மன்றத்தில் இதை எண்ணவே ஆ-கவுண்டர் என்று ஒருவர் இருப்பார். அவர் எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் இடத்தைப் பாருங்கள். பதிவைக் கேட்டால், ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் அவை குவிந்திருக்கும். அந்த இடைவெளியில் உதட்டை மூடிப் பழகுங்கள். ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே வருகிறதென்றால் வாக்கியம் நீளம், இரண்டாக உடையுங்கள். முதல் அறிமுகத்திலேயே பூச்சியமாக்கப் பார்க்காதீர்கள். அதை எண்ணிக்கொண்டே பேசினால் அறிகுறி 4 வந்து சேரும்.

## அறிகுறி 6: முடிக்கத் தெரியாமல் "அவ்வளவுதான்… நன்றி" என்று உட்கார்கிறேன்

மஞ்சள் விளக்கு உங்களைத் திடுக்கிட வைக்கிறதா, அல்லது முடிவே எழுதவில்லையா? மஞ்சள் என்றால் இன்னும் அரை நிமிடம் பாக்கி என்று பொருள். கடைசி வரி 5 நொடிதான் எடுக்கும், அவசரமே இல்லை. முடிவு எழுதவில்லை என்றால் தொடங்கிய பொருளுக்கே திரும்புங்கள், புதுப் பொருள் எதையும் கொண்டுவர வேண்டாம். கடிகாரக்காரர் முடித்தது இப்படி: "டிக். டக். டிக். டக். இப்போது அது நேராக நடக்கிறது." சொல்லிவிட்டுக் கூட்டத்தை நடத்தியவரைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்லாமல் இப்படிக் கூட்டத்தை ஒப்படைப்பதை டோஸ்ட்மாஸ்டர்ஸ் வட்டத்தில் பலரும் விரும்புவார்கள். நன்றி சொன்னாலும் குற்றமில்லை, அதற்கு முன் 'அவ்வளவுதான்' மட்டும் வேண்டாம்.

## அறிகுறி 7: கை, குரல் நடுங்குகிறது

கொஞ்சம் நடுக்கம் பழுதே இல்லை, அதை விட்டுவிடுங்கள். குரல் முதல் வாக்கியத்தில் மட்டும் நடுங்கிப் பிறகு நிலைக்கிறதென்றால், எழுந்து வந்த வேகத்தில் மூச்சு வாங்காமல் தொடங்கியிருப்பீர்கள். நின்று, இரண்டு காலும் தரையில் பதிந்து, ஒரு முழு மூச்சை வெளியே விட்ட பிறகு வணக்கம். பேச்சு முழுக்க நடுங்கினால், கூட்டத்துக்கு முன்பே அறைக்குப் போய் நிற்கப்போகும் இடத்தில் நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து முதல் வரியை இரண்டு முறை சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்த படி, தெரிந்த ஒருவரை இரண்டாவது வரிசையில் உட்காரச் சொல்லி அவரிடம் பேசுவது.

## எப்போது வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்

முதல் ஆள் மன்றத்திலேயே இருக்கிறார். இரண்டு முறை பேசியும் அதே அறிகுறி வந்தால் மென்டர் கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு இல்லை. பேசும் முன் மதிப்பீட்டாளரிடம் "நான் எங்கே வேகமெடுக்கிறேன் என்று மட்டும் பாருங்கள்" என்பது போல ஒரே ஒரு வேலை கொடுங்கள். பொதுவாகப் பார்க்கச் சொன்னால் பொதுவான பாராட்டுதான் கிடைக்கும்.

மென்டராலும் மன்றத்தாலும் முடியாதவை சில. ஒலியில் சிக்கித் திக்குவது மேடையில் மட்டுமல்லாமல் வீட்டிலும் போனிலும் இருக்கிறதென்றால் பேச்சு சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும். நிரப்புச் சொல்லுக்கான வைத்தியம் அங்கே செல்லாது. குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், பயிற்சியை நிறுத்திவையுங்கள். கூட்டம் இருக்கிறது என்பதாலேயே பல நாள் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, வேலையிடத்திலும் பேசும் சந்தர்ப்பங்களை எல்லாம் தவிர்க்கிறீர்கள் என்றால் மனநல ஆலோசகர். அந்தச் சிகிச்சை நடக்கும்போதே மன்றத்துக்கு வரலாம். பேச்சுக்குப் பெயர் கொடுக்காமல், டைமர் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுப் போன உறுப்பினர்கள் எங்களிடம் உண்டு. டைமர் அறிக்கை வாசிக்க எழுந்து நிற்க வேண்டும், 30 நொடி ஆகும்.